ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே மாறும் மூச்சுப்பாதை

மருத்துவக் கல்லூரியின் முதலாண்டுத் திசுவியல் தேர்வில் தவறாமல் வரும் சோதனை ஒன்று உண்டு. நுண்ணோக்கியின் கீழ் மூச்சுப்பாதையிலிருந்து சீவியெடுத்த ஒரு மெல்லிய துண்டு இருக்கும். அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று மாணவர் சொல்ல வேண்டும். மூன்று விஷயங்களைப் பார்த்தால் போதும். சுவரில் குருத்தெலும்பு இருக்கிறதா? சளி சுரக்கும் சுரப்பிகள் இருக்கின்றனவா? உட்பரப்பில் இருக்கும் செல்கள் எவ்வளவு உயரம்? தொண்டைக்குக் கீழே தொடங்கி நுரையீரலின் கடைசி நுண்ணறை வரை இந்த மூன்றும் ஓர் ஒழுங்கோடு குறைந்துகொண்டே போகின்றன. பல ஆண்டுகள் புகைபிடித்தவரின் நுரையீரலில் குலைந்துபோவது இந்த ஒழுங்குதான்.

கழுத்தின் அடிப்பகுதியில், இரண்டு காறையெலும்புகளும் சந்திக்கும் பள்ளத்துக்குச் சற்று மேலே விரலை வைத்து மெல்லத் தடவினால் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்படும். அவை மூச்சுக்குழாயின் குருத்தெலும்பு வளையங்கள். ஏறத்தாழ 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தக் குழாயில் 16 முதல் 20 வளையங்கள் உண்டு. எதுவுமே முழு வட்டமாக இருக்காது. ஒவ்வொன்றும் லாட வடிவில், பின்பக்கம் திறந்தே இருக்கும். அந்தத் திறப்பை ஒரு தசைப்பட்டை மூடுகிறது. அதற்கு நேர் பின்னால் உணவுக்குழாய் செல்கிறது. இருமும்போது இந்தத் தசை சுருங்கிக் குழாயைக் குறுக்கும். வழி குறுகியதும் காற்றின் வேகம் கூடி, உள்ளே சிக்கியதை வெளியே தள்ளும். விறைப்பான முன்சுவரும் அசைந்து கொடுக்கும் பின்சுவரும் சேர்ந்திருப்பதால்தான் இது முடிகிறது.

குழாயின் உட்பக்கத்துக்கு வருவோம். இங்குள்ள மேலணிச் செல்கள் உயரமான தூண்களைப்போல நெருக்கமாக நிற்கும். முதல் பார்வையில் பல அடுக்குகள் இருப்பதாகத் தோன்றும். ஏனென்றால் செல்களின் கருக்கள் வெவ்வேறு உயரங்களில் தெரியும். உண்மையில் இருப்பது ஓர் அடுக்குதான். குட்டையோ நெட்டையோ, எல்லாச் செல்களும் ஒரே அடித்தளச் சவ்வின் மீதுதான் நிற்கின்றன. இவற்றில் மூன்று வகை முக்கியம். தலையில் நுண்ணிய மயிர்கள் கொண்ட சிலியா செல்கள், சளியைக் கக்கும் கோப்பைச் செல்கள், தேய்ந்துபோன செல்களுக்குப் பதிலாகப் புதியவற்றை உண்டாக்கும் அடிச்செல்கள்.

ஒரு சிலியா செல்லின் தலையில் 200க்கும் மேற்பட்ட மயிர்கள் இருக்கும். நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அவை அடித்துக்கொண்டே இருக்கும், ஒரே திசையில், தொண்டையை நோக்கி. காற்றில் நெல்வயல் அலையாய்ச் சாய்வதுபோல ஒரு வரிசைக்குப் பின் அடுத்த வரிசை சாய்ந்து நிமிரும். மயிர்களைச் சுற்றி இருப்பது நீர்த்த திரவம். அதன் மேல்தான் கெட்டியான சளிப்படலம் மிதக்கிறது. மயிரின் நுனி மட்டும் சளியைத் தொட்டு முன்னே தள்ளும். மூச்சோடு வந்த தூசியும் கிருமியும் அந்தச் சளியில் ஒட்டி மேலே ஏறித் தொண்டைக்கு வரும். பெரும்பாலான நேரம் நாம் அறியாமலேயே அதை விழுங்கிவிடுகிறோம்.

இவ்வளவு சளியைக் கோப்பைச் செல்கள் மட்டும் தந்துவிட முடியாது. மேலணிக்கு அடியில் புதைந்து கிடக்கும் சுரப்பிகளே பெரும்பங்கைத் தருகின்றன. அவற்றில் சில செல்கள் கெட்டிச் சளியைச் சுரக்கும். வேறு சில நீர்த்த திரவத்தைச் சுரக்கும். கிருமிகளின் சுவரை உடைக்கும் லைசோசைம் அதில்தான் வருகிறது.

மூச்சுக்குழாய் நெஞ்சுக்குள் இரண்டாகப் பிரிகிறது. பிறகு ஒவ்வொரு கிளையும் மீண்டும் மீண்டும் பிரிகிறது. ஏறத்தாழ 23 முறை பிரிந்த பின்தான் கடைசி நுண்ணறை வரும். நுரையீரலுக்குள் நுழைந்த கிளைக்குழாய்களில் குருத்தெலும்பு லாடமாக இருப்பதில்லை. அது துண்டு துண்டாக உடைந்து, ஒழுங்கற்ற தகடுகளாகச் சுவரைச் சுற்றி இருக்கிறது. தசை இப்போது பின்பக்கத்தில் மட்டுமல்லாமல் குழாய் முழுவதையும் சுற்றி வளைத்துக்கொள்கிறது. தசைக்கும் குருத்தெலும்புக்கும் இடையே சுரப்பிகள் இருக்கின்றன. கிளை சிறுக்கச் சிறுக்கத் தகடுகள் அரிதாகும், சுரப்பிகளும் குறையும், மேலணிச் செல்களின் உயரமும் இறங்கும்.

குழாயின் விட்டம் சுமார் ஒரு மில்லிமீட்டருக்கு வரும்போது பெரிய மாற்றம் நிகழ்கிறது. அதற்குக் கீழே உள்ளவை நுண்கிளைக்குழாய்கள். அவற்றின் சுவரில் குருத்தெலும்பு கிடையாது, சுரப்பியும் கிடையாது. இரண்டும் போய்விட்டதால் அந்தச் சிறு சுவரில் தசையே மேலோங்கி நிற்கிறது. ஆஸ்துமாக்காரருக்கு அந்தத் தசை இறுகும்போது குழாயைத் திறந்து வைக்க விறைப்பான தகடு எதுவும் இல்லை. விட்டம் பாதியானால் காற்றோட்டத்துக்கான தடை 16 மடங்காகும் என்பது சீரான ஓட்டத்துக்கான இயற்பியல் கணக்கு.

அப்படியானால் இந்தச் சிறு குழாய்கள் சாதாரணமாக அமுங்காமல் இருப்பது எப்படி? சுற்றியுள்ள நுண்ணறைகளின் சுவர்களில் ஓடும் மீள்நார்கள் எல்லாப் பக்கமும் இழுத்துப் பிடித்து அவற்றைத் திறந்து வைக்கின்றன. மேலே குருத்தெலும்பு செய்த வேலையை இங்கே செய்வது அக்கம்பக்கத்து நுண்ணறைகள்.

இந்த இடத்தில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோப்பைச் செல்கள் முதலில் மறைகின்றன. சிலியா செல்கள் அதற்குப் பிறகும் சில கிளைகள் வரை தொடர்கின்றன. சளி உற்பத்தியாகும் கடைசி இடத்தைத் தாண்டியும், அதைத் துடைக்கும் மயிர்கள் இருக்கின்றன. இது தலைகீழாக இருந்தால் சளி கீழே வழிந்து நுண்ணறைகளுக்குள் தேங்கிவிடும். கோப்பைச் செல்கள் விட்ட இடத்தில் கிளப் செல்கள் என்ற குட்டையான செல்கள் வருகின்றன. இவற்றுக்கு மயிர் கிடையாது. மூச்சோடு வரும் சில நச்சு வேதிப்பொருள்களைச் சிதைப்பதும், சுவர் புண்பட்டால் புதிய செல்களைத் தருவதும் இவற்றின் வேலை.

அதற்கும் கீழே குழாயின் சுவரிலேயே ஆங்காங்கே நுண்ணறைகள் முளைக்கத் தொடங்கும். பிறகு சுவர் என்று தனியாக எதுவும் இராது. நுண்ணறைகள் மட்டுமே இருக்கும். ஓர் அறையின் விட்டம் ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர். மேலே தூணாக நின்ற செல் இங்கே தகடாகப் படுத்துவிடுகிறது. முதல் வகைச் செல்கள் எண்ணிக்கையில் குறைவு என்றாலும் பரப்பில் 95 சதவீதத்தை மூடுகின்றன. அவ்வளவு மெல்லியதாகப் பரவியிருப்பதால் காற்றுக்கும் ரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு ஒரு மைக்ரோமீட்டரைவிடக் குறைவாகவே இருக்கிறது. எஞ்சிய சிறு பரப்பில் இருக்கும் இரண்டாம் வகைச் செல்கள் சர்ஃபாக்டன்ட் என்ற வழுக்குப் பொருளைச் சுரக்கின்றன. அது இல்லையென்றால் நீரின் பரப்பிழுவிசையாலேயே அறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். குறைமாதக் குழந்தைகள் பிறந்ததும் மூச்சுக்குத் திணறுவதற்கு இந்தப் பொருளின் பற்றாக்குறையே காரணம் என்று அமெரிக்க மருத்துவர் மேரி எல்லன் ஏவரி 1959இல் காட்டினார்.

சிலியா இந்த ஆழம் வரை வருவதில்லை. இங்கே வந்து சேரும் தூசியை விழுங்குவது மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல்.

இனி, இருபது ஆண்டுகளுக்கு மேல் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட் பிடித்த ஒருவரின் மூச்சுப்பாதையை அதே வரிசையில் பார்க்கலாம். பெரிய குழாய்களில் உயரமான சிலியா செல்கள் இருந்த இடத்தில் திட்டுத்திட்டாகத் தட்டைச் செல்கள் அடுக்காக வந்திருக்கும். புகையைத் தாங்க அவை தோதானவைதான், ஆனால் அவற்றுக்கு மயிர் இல்லை. சளியை மேலே ஏற்ற வழியில்லாததால் இருமித்தான் வெளியேற்ற வேண்டியிருக்கிறது. காலையில் எழுந்ததும் வரும் ‘சிகரெட் இருமல்’ இதுதான்.

அடுத்து, கிளைக்குழாயின் சுரப்பிகள் பெருத்திருக்கும். அதை அளக்க லின் ரீட் என்ற நோயியல் அறிஞர் 1960இல் ஓர் எளிய கணக்கைத் தந்தார். மேலணியின் அடித்தளத்திலிருந்து குருத்தெலும்பு வரையுள்ள தடிமனை அளந்து, அதில் சுரப்பி எவ்வளவு என்று வகுத்துப் பார்ப்பதே அந்தக் கணக்கு. எடுத்துக்காட்டாக, சுவர் 1,000 மைக்ரோமீட்டர், சுரப்பி 350 என்றால் குறியீடு 0.35. இது இயல்பு. சுவர் 1,200ஆகவும் சுரப்பி 720ஆகவும் இருந்தால் குறியீடு 0.6. 0.4ஐத் தாண்டினாலே சுரப்பி பெருத்துவிட்டது என்று கொள்கிறார்கள். ஆனால் இந்தக் கணக்கு உயிரோடிருப்பவருக்கு அதிகம் பயன்படாது. உள்நோக்கிக் கருவி கிள்ளியெடுக்கும் சிறு பயாப்சித் துண்டில் பெரும்பாலும் குருத்தெலும்பு வரை வராது. அறுவையில் அகற்றிய நுரையீரலிலோ பிணக்கூறாய்விலோதான் சரியாக அளக்க முடியும்.

நுண்கிளைக்குழாய்களில், இருக்கக் கூடாத கோப்பைச் செல்கள் முளைத்திருக்கும். சளியைத் தள்ள வேண்டிய மயிர்களோ குறைந்திருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குழாயில் சளி அடைத்துக்கொள்கிறது. அதற்கும் கீழே நுண்ணறைச் சுவர்கள் அரிக்கப்பட்டு, பல அறைகள் ஒன்றாகிப் பெரிய பொந்துகளாகின்றன. சுவரோடு மீள்நார்களும் போய்விடுவதால், மூச்சை வெளியே விடும்போது நுண்கிளைக்குழாய் அமுங்கிவிடுகிறது. உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்கிறது. உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவது இந்த நோயாளிகளுக்குச் சற்று இதமளிக்கிறது. வாயில் ஏற்படும் எதிரழுத்தம் குழாய் மூடுவதைத் தள்ளிப்போடுகிறது.

சிக்கல் என்னவென்றால், கெடுதல் தொடங்கும் இடமும் வெளியே தெரியும் இடமும் ஒன்றல்ல. நுண்கிளைக்குழாய்கள் தனித்தனியே குறுகலானவைதான், ஆனால் எண்ணிக்கையில் ஏராளம். ஆரோக்கியமான நுரையீரலில் மொத்தக் காற்றுத் தடையில் அவற்றின் பங்கு சிறிது. அவற்றில் கணிசமானவை கெட்ட பிறகும் ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப்பார்க்கும் சோதனை இயல்பாகவே வரலாம். சோதனையில் குறை தெரியும் நாளில் சேதம் வெகுதூரம் போயிருக்கும்.

புகையை நிறுத்தினால் எது மீளும், எது மீளாது என்பதையும் இந்த வரிசையே சொல்கிறது. மேலணி புதுப்பிக்கப்படும் அடுக்கு என்பதால் தட்டைச் செல் திட்டுகள் மெல்ல மறைந்து சிலியா திரும்ப முடியும். இருமலும் சளியும் பலருக்குக் குறைகின்றன. ஆனால் கரைந்துபோன நுண்ணறைச் சுவர் திரும்ப வளர்வதில்லை.

அதனால் இருமலோடு சளியும் ஓராண்டில் மூன்று மாதம் வீதம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வந்தால் அதை நாள்பட்ட மூச்சுக்குழல் அழற்சி என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். சிகரெட், பீடி பிடிப்பவர்கள் மட்டுமல்ல, விறகடுப்புப் புகையில் பல ஆண்டுகள் சமைத்த பெண்களும் இதில் உண்டு. அப்படிப்பட்டவர்கள் மூச்சு வாங்கத் தொடங்கும்வரை காத்திருக்காமல் நெஞ்சக மருத்துவரைப் பார்த்து ஒருமுறை ஸ்பைரோமெட்ரி செய்துகொள்வது நல்லது. முடிவு இயல்பாக வந்தாலும் புகையை விடுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.