விரல் வைத்த பிறகு அரை மணி நேரம்

கால்பந்து விளையாட்டில் ஒரு பெட்டி வாங்கித் தரும்படி பத்து வயதுப் பையன் நச்சரிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். விலை 89 ரூபாய். "இந்த ஒரு தடவைதான்" என்று அப்பா விரல் வைத்துவிட்டு போனைத் திருப்பிக் கொடுக்கிறார். உள்ளே எந்த வீரர் இருக்கிறார் என்பது பணம் போன பிறகுதான் தெரியும். பிடித்தவர் வரவில்லை. பையன் அடுத்த பெட்டியைத் தட்டுகிறான். இந்த முறை விரல் கேட்கவில்லை. பிறகு இன்னொன்று.

ப்ளே ஸ்டோரில் அப்படி ஓர் அமைப்பு உண்டு. ஒருமுறை சரிபார்த்தால் அடுத்த 30 நிமிடம் எதுவும் கேட்காது. பெரியவர்களுக்கு வசதி, பிடித்தது கிடைக்கும்வரை பெட்டி திறக்கத் துடிக்கும் பிள்ளைக்கோ திறந்துவிட்ட மடை. இதே அரை மணி நேரத்தையும் முன்வைத்து அமெரிக்க வர்த்தக ஆணையம் கூகுள் மீது நடவடிக்கை எடுத்தது. 2014இல் குறைந்தது 1.9 கோடி டாலரைப் பெற்றோருக்குத் திருப்பித் தர கூகுள் ஒப்புக்கொண்டது. ஆப்பிளில் அந்த இடைவெளி 15 நிமிடம்; அதே ஆண்டு அது ஒப்புக்கொண்ட தொகை குறைந்தது 3.25 கோடி டாலர்.

மடையை அடைப்பது எளிது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு Settings போய், Purchase verification என்பதில் Always என்று வையுங்கள். இனி ஒவ்வொரு முறையும் கேட்கும். ஆனால் இது அந்தப் போனுக்கும் அந்தக் கணக்குக்கும் மட்டும்தான். பிள்ளைக்கென்று ஒதுக்கிய பழைய போனில் உங்கள் கணக்கு இருந்தால் அதிலும் தனியாக மாற்ற வேண்டும். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்றே செய்த ஆப்களில் கூகுள் எப்போதும் சரிபார்க்கிறது. ஆனால் பிள்ளைகள் ஆடுவது அவற்றை மட்டுமா?

ஓடிபி காப்பாற்றும் என்று இருந்துவிடவும் முடியாது. அது வந்து விழுவதே பிள்ளை கையிலிருக்கும் போனில்தான். ப்ளே கணக்கில் ரீசார்ஜ் செய்து வைத்த பணத்துக்கு அதுவும் கிடையாது. பிள்ளையின் விரலையும் போனில் பதிந்து வைத்திருந்தால் பூட்டு இருந்தும் பயனில்லை.

பிள்ளைக்குத் தனிக் கணக்கு தொடங்கி ஃபேமிலி லிங்க்கில் சேர்ப்பதே என் வாக்கு. ஒவ்வொரு வாங்கலுக்கும் அனுமதி கேட்டு உங்களுக்குத் தகவல் வரும். ஐபோனில் இன்னும் கறாராக, Screen Time பகுதியில் ஆப்புக்குள் வாங்குவதையே நிறுத்திவிடலாம். ஃபேமிலி லிங்க்குக்கு ஓர் எல்லை உண்டு: ப்ளே வழியாகப் போகும் பணத்தை மட்டுமே அது பார்க்கும். விளையாட்டு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் வைரம் வாங்கினால் அதற்குத் தெரியாது.

பணம் போய்விட்டதா? ப்ளே ஸ்டோரில் 48 மணி நேரத்துக்குள் திருப்பிக் கேளுங்கள். தாமதித்தால் கிடைப்பது கடினம்.