பாதி ரொக்கம், பாதி கார்டு: கல்லாவில் பதிவது எப்படி?

"கார்டுல ஆயிரத்து ஐநூறு எடுத்துக்கோங்க தம்பி, மிச்சத்தை ரொக்கமா தர்றேன்."

ஜவுளிக்கடையில் கேஷியராகச் சேர்ந்தவர் முதல் வாரத்திலேயே இதைக் கேட்டுவிடுவார். பில் 3,460 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுவதும் ரொக்கம் என்றாலும் முழுவதும் கார்டு என்றாலும் ஒரே பட்டனில் வேலை முடியும். இரண்டும் கலந்து வரும் பில்லில்தான் ராத்திரி கணக்கு உதைக்கிறது.

காரணம், அந்தப் பில்லின் பணம் இரண்டு இடத்துக்குப் போகிறது. ரொக்கம் 1,960 கல்லாவில் கிடக்கும். கடை மூடும்போது எண்ணப்படும். கார்டில் எடுத்த 1,500 வங்கி வழியாகப் பிறகுதான் கடையின் கணக்குக்கு வந்து சேரும். ராத்திரி கணக்கு முடிப்பவர் கல்லாப் பணத்தை பில்லிங் கம்ப்யூட்டர் காட்டும் ரொக்கத்தோடும், கார்டு மெஷினின் செட்டில்மென்ட் சீட்டை கம்ப்யூட்டர் காட்டும் கார்டு தொகையோடும் தனித்தனியாக ஒத்துப் பார்ப்பார். அன்றைய விற்பனை மொத்தம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டும் தனித்தனியே நேராக வேண்டும்.

சிலர் இதற்குப் பயந்து 1,500-க்கு ஒன்று, 1,960-க்கு ஒன்று என்று பில்லையே இரண்டாக வெட்டுகிறார்கள். அதைச் செய்யவே கூடாது. நாளைக்கு ஒரு புடவையை மாற்ற வருபவரிடம் எந்தப் பில் இருக்கிறது, அதில் அந்தப் புடவை இருக்கிறதா என்ற தகராறு அங்கேதான் ஆரம்பிக்கும். பில் ஒன்றுதான், பணம் வந்த வழி மட்டும் இரண்டு. பில்லிங் மென்பொருளில் பணம் வாங்கும் திரையிலேயே ஸ்பிளிட், மல்டி பேமென்ட் என்பதுபோல ஏதாவது ஒரு பெயரில் இதற்கு வழி இருக்கும். உங்கள் கடையில் அது எங்கே இருக்கிறது என்று கூட்டமில்லாத நேரத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வரிசை. முதலில் ரொக்கத்தை வாங்கி, வாடிக்கையாளர் கண்ணெதிரே எண்ணுங்கள். அவர் நான்கு ஐநூறு ரூபாய் நோட்டு தருகிறார். அதை உடனே கல்லாவுக்குள் போடாமல் மேஜைமேல் தனியாக வையுங்கள். அதன்பிறகுதான் கார்டு. கார்டை முதலில் தேய்த்துவிட்டு, ரொக்கம் குறைகிறது என்று பிறகு தெரிந்தால், போன பணத்தைத் திருப்புவது பெரும்பாடு. ரொக்கம் மேஜைமேல் இருக்கும்போது கார்டு ஏறவில்லை என்றால், அதே நோட்டுகளை அப்படியே திருப்பித் தந்துவிடலாம்.

மெஷினில் 1,500 என்று அடித்ததும் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, "ஆயிரத்து ஐநூறுங்க அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். 5,000 ரூபாய் வரை கார்டைக் காட்டினாலே பின் நம்பர் கேட்காமல் பணம் போய்விடும். பின் அடிக்கும்போது தொகையை ஒருமுறை பார்க்கும் வாய்ப்பு அங்கே இல்லை. பிரித்துக் கட்டும் பில்களில் கார்டுப் பங்கு பெரும்பாலும் சின்னத் தொகைதான் என்பதால் இந்த ஆபத்து இங்கே கூடுதல்.

சீட்டு வந்ததும் அதிலுள்ள தொகையையும் அப்ரூவல் நம்பரையும் பாருங்கள். பிறகு கம்ப்யூட்டரில் கார்டு 1,500, ரொக்கம் 1,960 என்று பதியுங்கள்.

புதியவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். கையில் வந்தது 2,000. பாக்கி கொடுத்தது 40. கல்லாவில் தங்கியது 1,960. ரொக்கமாகப் பதிய வேண்டியது தங்கிய தொகையை. சில மென்பொருளில் 'பெற்றது' என்று தனிக் கட்டம் இருக்கும். அதில் 2,000 போட்டால் 40 ரூபாய் பாக்கி என்று அதுவே கழித்துக்கொள்ளும். அந்தக் கட்டம் இல்லாத இடத்தில் 2,000 என்று அடித்தால், ராத்திரி கல்லாவில் 40 ரூபாய் குறையும். பாக்கி எப்போதும் ரொக்கப் பங்கிலிருந்துதான் போகும். கார்டுத் தொகை மெஷின் சீட்டில் உள்ளபடியே பைசா மாறாமல் இருக்க வேண்டும்.

கைத்தவறு நடந்துவிட்டால்? 1,500-க்குப் பதில் 1,050 அடித்துவிட்டீர்கள் என்றால், இன்னொரு முறை 450 எடுத்து, இரண்டு சீட்டையும் அதே பில்லோடு சேர்த்துக் குத்துங்கள். தவறுதலாக 1,960 எடுத்துவிட்டீர்கள் என்றால் பலரும் பதறிப்போய் அதை ரத்து செய்வார்கள். செட்டில்மென்ட் ஆவதற்கு முன்பு ரத்து செய்யலாம்தான். ஆனால் பணம் அவர் கணக்குக்குத் திரும்ப நாளாகலாம். அதுவரை மறுபடி தேய்க்க அவர் கணக்கில் பணம் இல்லாமலும் போகலாம். நடந்ததைச் சொல்லி அவர் சம்மதித்தால் பங்கை மாற்றிவிடுவதே நல்லது என்பேன். கார்டு 1,960, ரொக்கம் 1,500. மேஜைமேல் இருக்கும் நான்கு நோட்டில் ஒன்றைத் திருப்பித் தந்தால் பில் நேராகிவிடும். அவர் ஒப்பவில்லை என்றால் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு ரத்து செய்யுங்கள். எப்படியானாலும் பதிவு நடந்ததைச் சொல்ல வேண்டும், நடத்த நினைத்ததை அல்ல.

இன்னொரு சங்கடம்: மெஷினில் சீட்டு வரவில்லை, வாடிக்கையாளர் போனுக்கோ பணம் எடுத்ததாகச் செய்தி வந்துவிட்டது. அந்தச் செய்தியை வைத்துக் கார்டு என்று பதியாதீர்கள். மெஷினில் கடைசிப் பரிவர்த்தனையின் நிலையைப் பாருங்கள். அது தோல்வி என்றால் கடைக்குப் பணம் வரவில்லை. அவரிடம் பக்குவமாக விளக்க வேண்டும். இப்படிச் சீட்டு வராமல் பிடித்த பணத்தை வங்கி, பரிவர்த்தனை நாளுக்குப் பின் ஐந்து நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும்; தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2019-இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. இதைச் சொன்னால் பாதிக் கோபம் தணியும்.

ராத்திரி கணக்கு இடித்தால், எவ்வளவு இடிக்கிறது என்பதே பாதி துப்பு. கல்லாவில் 1,500 குறைகிறது, கார்டில் அதே 1,500 கூடுகிறது என்றால் பணம் எங்கும் போகவில்லை; ஒரு பில்லின் கார்டுப் பங்கை யாரோ ரொக்கமாகப் பதிந்திருக்கிறார்கள். 1,500-க்கான சீட்டைத் தேடினால் பில் கிடைத்துவிடும். கார்டில் மட்டும் 450 குறைந்தால், அதை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். மெஷினில் அடித்த 1,050 கம்ப்யூட்டரில் 1,500 ஆகியிருக்கும். கல்லாவில் மட்டும் சின்னத் தொகை குறைந்தால் பாக்கி கொடுத்த இடத்தைத் தேடுங்கள்.

இந்தத் தேடல் எல்லாம் சீட்டு கையில் இருந்தால்தான் நடக்கும். அதனால் பிரித்துக் கட்டிய ஒவ்வொரு பில்லின் கடைப் பிரதியோடும் அதன் கார்டு சீட்டை அப்போதே குத்தி, மற்ற பில்களோடு கலக்காமல் தனிக் கம்பியில் போடுங்கள். அந்தச் சீட்டு வெயிலிலும் சூட்டிலும் எழுத்து மங்கும் காகிதம். பில் நம்பரையும் தொகையையும் அதன் பின்பக்கம் பேனாவால் எழுதிவிட்டால், ஒரு மாதம் கழித்து அந்த அம்மா பாதிப் பணம் கேட்டு வந்தாலும் எந்தப் பங்கு எந்த வழியில் திரும்ப வேண்டும் என்று உடனே தெரியும்.