ஒரு வயிற்றுக்கு எத்தனை தேதி?

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவரின் ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். பிரசவத் தேதி என்று மூன்று நான்கு தேதிகள் இருக்கும். தாய் சேய் நல அட்டையில் கிராம சுகாதார செவிலியர் எழுதியது ஒன்று, முதல் ஸ்கேனில் ஒன்று, ஐந்தாம் மாத ஸ்கேனில் ஒன்று, போன வாரம் எடுத்ததில் இன்னொன்று. "கடைசியா எடுத்ததுதானே சரியா இருக்கும்" என்று வீட்டில் பேசி, அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிடுவார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. கர்ப்பத்தின் வயதைச் சொல்வதில் முதலில் எடுத்த ஸ்கேனுக்குத்தான் மதிப்பு. பின்னால் எடுக்க எடுக்க அந்த நம்பகம் குறைந்துகொண்டே போகும்.

கணக்கு தொடங்குவது கடைசி மாதவிடாயின் முதல் நாளில். உதிரம் பட்ட முதல் நாள். தலைக்குக் குளித்த நாள் அல்ல. நம் ஊரில் பலருக்கு நினைவில் நிற்பது குளித்த நாள்தான். செவிலியர் கேட்டதும் அதையே சொல்லிவிடுவார்கள், கணக்கு அங்கேயே மூன்று முதல் ஐந்து நாள் தள்ளிப்போகும். அந்த முதல் நாளோடு ஏழு நாளும் ஒன்பது மாதமும் கூட்டினால் வருவது பிரசவத் தேதி. மொத்தம் 280 நாள், அதாவது 40 வாரம்.

இந்த எண்ணிக்கையில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே இருக்காது. சினைமுட்டை வெளிவருவது ஏறக்குறைய 14ஆம் நாளில்தான். கருத்தரித்த நாள் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, மாதவிடாய் தெரியும் என்பதால் மருத்துவம் அங்கிருந்து எண்ணத் தொடங்கியது. இது புரியாததால் சில குடும்பங்களில் பெரிய விபரீதமே நடந்துவிடுகிறது. கல்யாணமாகி ஆறு வாரம்தான் ஆகிறது, ரிப்போர்ட்டில் "8 வாரம்" என்று வருகிறது. மாமியார் முகம் மாறும், கணவர் நாள்களை எண்ணத் தொடங்குவார். எட்டு வாரக் கர்ப்பம் என்றால் கரு உருவாகி ஆறு வாரம் என்றுதான் பொருள். இதை ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கும்போதே ஒரு வரியில் சொல்லிவிட வேண்டியது ஸ்கேன் எடுப்பவரின் வேலை என்பது என் எண்ணம்.

மாதவிடாய்க் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்கிறது: சுழற்சி 28 நாள், முட்டை வெளிவருவது 14ஆம் நாள். நீர்க்கட்டிப் பிரச்சினையால் நாற்பது நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு இது பொருந்தாது. கருத்தடை மாத்திரையை அப்போதுதான் நிறுத்தியவருக்கும், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி கருவுற்றவருக்கும் இதே சிக்கல். இன்னொரு கண்ணியும் உண்டு. கரு கருப்பையில் ஒட்டும் சமயத்தில் சிலருக்கு லேசாக உதிரம் படும். அதை மாதவிடாய் என்று எண்ணிவிட்டால் கர்ப்பத்தின் வயது ஏறக்குறைய ஒரு மாதம் குறைந்து தெரியும். "அந்தத் தடவை வழக்கத்தைவிடக் கம்மியாத்தான் பட்டுச்சு" என்று தோன்றினால் மருத்துவரிடம் அதையும் சொல்ல வேண்டும்.

அதனால்தான் முதல் மூன்று மாதத்துக்குள் ஒரு ஸ்கேன். அதில் சிசுவின் உச்சியிலிருந்து பிட்டம்வரை உள்ள நீளத்தை அளப்பார்கள். ரிப்போர்ட்டில் சி.ஆர்.எல். என்று இருப்பது இதுதான். முதல் மூன்று மாதத்தில் எல்லாச் சிசுக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். அம்மா ஒல்லியா பருமனா, அப்பா உயரமா குட்டையா என்பதெல்லாம் அப்போது எடுபடாது. ஆகவே நீளம் தெரிந்தால் வயது தெரியும். தவறினாலும் ஐந்து முதல் ஏழு நாளுக்குள் நிற்கும். அதன்பின் பரம்பரை, ஊட்டம், நஞ்சுக்கொடியின் வேலை எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு குழந்தையையும் ஒவ்வொரு அளவில் கொண்டுபோகும். எட்டாம் மாதத்தில் ஒரே வயதுள்ள இரு குழந்தைகள் அளவில் மூன்று வாரம்கூட வித்தியாசம் காட்டலாம்.

இந்த அளவையும் சரியாக எடுக்க வேண்டும். சிசு பக்கவாட்டில், உடல் நீண்டு கிடக்கும்போது அளக்க வேண்டும். குறுகி மடங்கியிருந்தால் நீளம் குறைவாக வரும். கைகால்களையோ மஞ்சள்கரு பையையோ சேர்த்து அளந்தால் கூடிப்போகும். மூன்று தரம் அளந்து சராசரி எடுப்பது நல்ல வழக்கம். நீளம் 84 மி.மீ.யைத் தாண்டினால், அதாவது 14 வாரம் வந்துவிட்டால், இந்த அளவு பயன்படாது. தலைச் சுற்றளவு, தொடை எலும்பு போன்றவற்றுக்குப் போக வேண்டும்.

சரி, மாதவிடாய் ஒன்று சொல்கிறது, ஸ்கேன் வேறொன்று சொல்கிறது. எப்போது தேதியை மாற்றுவது? அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட வரம்புகள் தெளிவானவை. மாதவிடாய்க் கணக்கில் ஒன்பது வாரம் நிறையாதவருக்கு வித்தியாசம் ஐந்து நாளுக்கு மேல் இருந்தால் ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்ள வேண்டும். 9 முதல் 15 வாரம்வரை ஏழு நாளுக்கு மேல். 16 முதல் 21 வாரம்வரை பத்து நாளுக்கு மேல். வித்தியாசம் அதற்குள் இருந்தால் மாதவிடாய்த் தேதியே நிற்கும், ஏனென்றால் அது அளவையின் இயல்பான பிழைக்குள் அடங்கிவிடுகிறது. மூன்று நாள் வித்தியாசத்துக்கெல்லாம் தேதியை அடித்து எழுத வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண்ணுக்குக் கடைசி மாதவிடாய் 2024 ஆகஸ்ட் 1. அவருக்கு 42 நாளுக்கு ஒருமுறைதான் வரும். மாதவிடாய்க் கணக்கில் பிரசவத் தேதி 2025 மே 8. அக்டோபர் 10 அன்று ஸ்கேன் எடுக்கிறார். தேதிப்படி அன்று சரியாகப் பத்து வாரம். ஆனால் நீளம் 16 மி.மீ., அது எட்டு வார அளவு. இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது. வித்தியாசம் 14 நாள், வரம்போ ஏழு. சுழற்சி இரண்டு வாரம் நீளம் என்பதால் முட்டையும் இரண்டு வாரம் பிந்தித்தான் வந்திருக்கும், காரணமும் பொருந்துகிறது. சந்தேகம் இருந்தால் இரண்டு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்து, குழந்தை அந்த இரண்டு வாரத்துக்கு உரிய அளவு வளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம். தேதி மே 22 என்று திருத்தப்படுகிறது. இதைத் திருத்தாமல் விட்டிருந்தால் மே 15 அன்று "41 வாரம் ஆச்சு, நாள் தாண்டிடுச்சு" என்று வலி வர மருந்து வைக்கச் சொல்லியிருப்பார்கள். உண்மையில் அன்று 39 வாரம்தான்.

இதே பெண்ணுக்கு 2025 மார்ச் 27இல் இன்னொரு ஸ்கேன் என்று வைத்துக்கொள்வோம். திருத்திய கணக்கில் அன்று 32 வாரம். இயந்திரமோ தலை, வயிறு, தொடை எலும்பு அளவுகளைக் கூட்டிக் கழித்து, 29 வாரம், பிரசவத் தேதி ஜூன் 12 என்று அச்சடிக்கிறது. வீட்டில் "இன்னும் நாள் இருக்கு" என்று நிம்மதியாவார்கள். ஆபத்து இங்கேதான். குழந்தையின் வயது 32 வாரம் என்பது அக்டோபரிலேயே முடிவான விஷயம். மார்ச் ஸ்கேன் சொல்வது குழந்தை மூன்று வாரம் சிறியது என்பதை மட்டும். நஞ்சுக்கொடியிலிருந்து போதிய ஊட்டம் வராமல் வளர்ச்சி குன்றுவதன் அடையாளமாக அது இருக்கலாம். ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன், பனிக்குட நீரின் அளவு, இரண்டு மூன்று வாரத்தில் மறு அளவு, குழந்தையின் அசைவைக் கவனிப்பது என்று உடனே தொடங்க வேண்டியவை இருக்கின்றன. தேதியைத் தள்ளி எழுதினால் இத்தனையும் நடக்காமல் போகும். சிறிய குழந்தை காகிதத்தில் சரியான குழந்தை ஆகிவிடும்.

எனவே முதல் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரசவம்வரை கையோடு வைத்திருங்கள். ஆஸ்பத்திரி மாறும்போது முதலில் காட்ட வேண்டிய காகிதம் அது. தேதி திருத்தப்பட்டால் எந்த ஸ்கேனை வைத்து, எத்தனை நாள் வித்தியாசத்தில் என்று அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள், "டாக்டர், எந்தத் தேதியை வெச்சு இப்ப முடிவு பண்றீங்க?" என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. ரிப்போர்ட் தொலைந்திருந்தால் எடுத்த இடத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகள், நோயாளி கேட்ட பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தரச் சொல்கின்றன.

வேலைக்குப் போகிறவர்களுக்குத் தேதி மாறுவதால் விடுப்பும் மாறும். முதல் இரண்டு குழந்தைகளுக்கு உள்ள 26 வார மகப்பேறு விடுப்பில், எதிர்பார்க்கும் பிரசவத் தேதிக்கு எட்டு வாரத்துக்கு மேல் முன்னதாக எடுக்க முடியாது. தகுதிக்கான 80 நாள் வேலையும் அந்தத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில்தான் எண்ணப்படும். ஆகவே திருத்திய தேதியோடு புதுச் சான்றிதழ் வாங்கி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும். கருக்கலைப்புச் சட்டமும் வாரக் கணக்கில்தான் பேசுகிறது. 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம்வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 20இலிருந்து 24 வாரம்வரை, விதிகளில் சொல்லப்பட்ட பிரிவினருக்கு, இரண்டு மருத்துவர்களின் கருத்து வேண்டும். அந்த எல்லையின் அருகே நிற்பவருக்கு இரண்டு வார வித்தியாசம் சட்டத்தையே மாற்றிவிடும்.

முதல் ஸ்கேனே ஏழாம் மாதத்தில்தான் எடுத்தவர்கள் என்ன செய்வது? 22 வாரத்துக்கு முன் ஸ்கேன் இல்லாத கர்ப்பத்தைத் தேதி உறுதியாகாத கர்ப்பம் என்றே மருத்துவர்கள் கொள்கிறார்கள். 28 வாரத்துக்குப் பின் எடுத்த ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கிலிருந்து 21 நாளுக்கு மேல் விலகினால்தான் தேதியை மாற்ற வேண்டும், அதுவும் வளர்ச்சி குன்றிய குழந்தையாக இருக்குமோ என்ற சந்தேகத்தோடு. மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடி அளந்தால், குழந்தை வளரும் வேகத்திலிருந்து ஓரளவு பிடிபடும். அப்படிப்பட்டவருக்கு, வேறு காரணம் இல்லாமல், "நாள் ஆகிடுச்சு" என்பதற்காக மட்டும் முன்கூட்டியே சிசேரியன் தேதி குறித்தால், எந்தக் கணக்கில் நாள் ஆனது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சம்மதப் படிவத்தில் கையெழுத்திடுங்கள்.