கேத்தி ஸ்டேஷனில் கேமரா நின்ற இடம்

ஊர் விஷயத்தில் சினிமா கூசாமல் பொய் சொல்லும். ‘ரோஜா’வில் நாம் பார்த்துப் பதறிய காஷ்மீர், பெரும்பாலும் மணாலிப் பக்கம் எடுத்தது. ‘முதல் மரியாதை’யின் தமிழ்க் கிராமத்தைத் தேடினால் மைசூருக்கு அருகே தலக்காட்டில் போய் நிற்க வேண்டியிருக்கும். அதனால் பிடித்த படம் எடுத்த இடத்தைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கதை சொல்லும் ஊரை மறந்துவிடுவது நல்லது. வீட்டு வாசல் ஓர் ஊரில் இருக்கும், கூடம் சென்னை ஸ்டுடியோவில் இருக்கும். பாட்டு என்றால் கேட்கவே வேண்டாம், சரணத்துக்கு ஒரு மலை.

புதிதாகத் தேடுகிறவர்களுக்கு நான் கைகாட்டுவது பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’. 1982-இல் வந்த அந்தப் படத்தின் கடைசிக் காட்சி, நீலகிரி மலை ரயில் பாதையில் உள்ள கேத்தி ஸ்டேஷனில் எடுக்கப்பட்டது. மழையில் ஸ்ரீதேவியின் ரயில் கிளம்ப, கமல் குரங்கு வித்தை காட்டிக்கொண்டே பின்னால் ஓடுவாரே, அந்த இடம். தேடுகிறவருக்கு ரயில்வே ஸ்டேஷன் போல வசதியானது வேறில்லை. வீட்டை இடித்துவிடுவார்கள், தோப்பை மனை போட்டு விற்றுவிடுவார்கள், தண்டவாளம் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறாது.

கிளம்பும் முன் வீட்டில் கொஞ்சம் வேலை இருக்கிறது. அந்தக் காட்சியை ஓடவிட்டு, நடிகர்களுக்குப் பின்னால் இருப்பது தெளிவாகத் தெரியும் நான்கைந்து இடங்களில் நிறுத்தி, போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மரத்தையும் பெயின்டையும் நம்ப வேண்டாம். நாற்பது வருஷத்தில் மரம் வளர்ந்திருக்கும், இல்லாவிட்டால் வெட்டப்பட்டிருக்கும். பார்க்க வேண்டியவை மூன்று: பின்னால் தெரியும் மலை முகட்டின் கோடு, கூரையின் சரிவு, தண்டவாளம் எந்தப் பக்கம் வளைகிறது என்பது. ஒன்று ஒத்துப்போனால் தற்செயலாக இருக்கலாம், மூன்றும் ஒத்துப்போனால் சந்தேகம் வேண்டாம். ‘இங்கேதான் சார் ஷூட்டிங்’ என்று யார் சொன்னாலும் இந்தச் சோதனையை நடத்திப் பாருங்கள். டாக்ஸி ஸ்டாண்டில் கிடைக்கும் சினிமா வரலாறு சுவையாக இருக்கும், சரியாக இருக்குமா என்பது வேறு விஷயம்.

ஸ்டேஷனுக்குப் போன பிறகு கேமரா எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பதில்தான் சுவாரஸ்யமே. எடுத்து வைத்த படத்தில் பக்கத்தில் ஒன்றும் தொலைவில் ஒன்றுமாக இரண்டு பொருள்களைத் தேர்ந்தெடுங்கள். கூரையின் நுனி, முகட்டின் ஒரு வளைவுக்கு நேராகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கண்ணுக்கும் அவை இரண்டும் அப்படியே நேராக வரும்வரை பிளாட்பாரத்தில் இடமும் வலமுமாக நகர வேண்டும். நேராக வந்துவிட்டால் கேமரா நின்ற கோடு கிடைத்துவிட்டது. அப்போதும் படத்தில் இருப்பதைவிட மலை சிறியதாகத் தெரிந்தால், தூரத்தை இழுத்துக் காட்டும் லென்ஸில் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதே கோட்டில் பின்னால் போய், போனில் ஜூம் செய்து பாருங்கள். ஆனால் கேமரா நின்றது தண்டவாளத்தின் மேல் என்று தெரிந்தால் ஆசையை அங்கேயே விட்டுவிடுங்கள். பாதையில் இறங்குவது ரயில்வே சட்டப்படி குற்றம்.

பயணத்துக்கு ஒரு பகல் போதும். மேட்டுப்பாளையத்தில் காலையில் ஏறும் ரயிலுக்கு ரிசர்வேஷன் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்காக ஏங்காமல் குன்னூரில் தங்குங்கள். அங்கிருந்து ஊட்டிக்குத் தினமும் சில ரயில்கள் போகின்றன. வெலிங்டன், அருவங்காடு தாண்டினால் கேத்தி. வண்டி நிற்பது கொஞ்ச நேரம்தான், அதனால் இறங்கத் தயாராக இருங்கள். படத்தில் வரும் நீராவி என்ஜினை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். குன்னூருக்கு மேலே இப்போது டீசல்தான் இழுக்கிறது. நீராவி பார்த்தே ஆக வேண்டும் என்றால் குன்னூருக்குக் கீழே, பல்சக்கரப் பாதைக்குத்தான் போக வேண்டும். சொந்தக் காரில் வருகிறவர்கள் நீலகிரிக்கான இ-பாஸ் நிலவரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

காட்சியில் மழை பெய்கிறதே என்று ஐப்பசி, கார்த்திகையில் போக ஆசை வரும். அந்த மாதங்களில் மண் சரிந்து மலை ரயிலையே நிறுத்திவிடுவது உண்டு. ஜனவரியில் போனால் மழை இருக்காது, முகடு தெளிவாகத் தெரியும். நான் ஜனவரிக்குத்தான் ஓட்டுப் போடுவேன். முகடு தெரியாவிட்டால் எதை வைத்து ஒப்பிடுவது?

அடுத்த வண்டிக்கு நேரமிருந்தால் ஒன்று செய்யலாம். 1998-இல் வந்த ‘உயிரே’யில் ரயில் கூரை மேல் ஷாருக் கான் ஆடும் பாட்டும் இந்த மலை ரயிலில் எடுத்ததுதான். அதைப் போனில் ஏற்றிக்கொண்டு ஊட்டி வரை ஜன்னலோரம் உட்காருங்கள். ஓடும் வண்டியில் இடம் பிடிப்பது கேத்தியைவிடப் பல மடங்கு கஷ்டம். வெட்டி ஒட்டும்போது பாதையின் வரிசையை எடிட்டர் மதிப்பதே இல்லை.