வால்வு 21 மூடியதா, திறந்ததா?

ஜப்பானிய நிறுவனம் ஒன்று வெந்நீர்க் கருவி ஒன்றுக்குக் காப்புரிமை கேட்டு உள்நாட்டில் விண்ணப்பிக்கிறது. அதே கருவிக்கு அமெரிக்காவிலும் காப்புரிமை வேண்டும் என்றால் விண்ணப்பத்தின் விவரக்குறிப்பு முழுவதும் ஆங்கிலத்துக்குப் போக வேண்டும். கருவி எப்படி அமைந்திருக்கிறது, எப்படி இயங்குகிறது என்பதையெல்லாம் படங்களோடு சொல்லும் நீண்ட ஆவணம் அது. பத்திகளுக்கு 0001, 0002 என்று எண் இருக்கும். படத்தில் உள்ள ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண் இருக்கும். கடைசியில் எந்த எண் எந்தப் பாகத்தைக் குறிக்கிறது என்ற பட்டியலும் இருக்கும்.

அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் முதல் வாக்கியத்தை எழுதுவதற்கு முன்பே முழு ஆவணத்தையும் ஒரு முறை படித்துவிடுவார். படங்களைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, பத்தியில் வரும் எண் படத்திலும் பட்டியலிலும் அதே பாகத்தைத்தான் காட்டுகிறதா என்று பார்ப்பார். பிழைகள் பெரும்பாலும் இந்தப் படிப்பில்தான் பிடிபடுகின்றன. ஆவணத்தை எழுதியவருக்குக் கருவி மனப்பாடம். அதனால் 21 என்று அச்சாகியிருப்பதை 22 என்றே படித்துக்கொண்டு போய்விடுவார். மொழிபெயர்ப்பாளருக்கோ தாளில் இருப்பதைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

தொழிலில் வழக்கமாக நேர்வதை வைத்து அமைத்த ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். பத்தி 0035 இப்படிச் சொல்கிறது: “கட்டுப்பாட்டுப் பகுதி 40, முதல் வால்வு 21-ஐ மூடுகிறது. இதனால் தண்ணீர் முதல் வால்வு 21 வழியாகத் தொட்டி 30-க்குள் பாய்கிறது.” மூடிய வால்வு வழியாகத் தண்ணீர் பாயாது. எங்கோ பிழை இருக்கிறது. ஆனால் எங்கே?

“மூடுகிறது” என்பது “திறக்கிறது” என்று இருந்திருக்கலாம். அல்லது முதல் வாக்கியம் சரியாகவே இருந்து, இரண்டாம் வாக்கியத்தில் மட்டும் “இரண்டாம் வால்வு 22” என்று வந்திருக்க வேண்டும். படம் 2-ஐப் பார்த்தால் இரண்டு வால்வுகளிலிருந்தும் தொட்டிக்குக் குழாய் போகிறது, இரண்டும் நடக்கக்கூடியவைதான். பத்தி 0041-இல் “முதல் வால்வு 21 மறுபடியும் திறக்கப்படுகிறது” என்று வருகிறது. மறுபடியும் திறக்க வேண்டுமானால் அது இடையில் மூடப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் எண்தான் தவறு. ஆனால் இயக்கப் படிகளைக் காட்டும் படம் 4-இல், மூன்றாம் படியில் “வால்வு 21 திற” என்று இருக்கிறது. அதை நம்பினால் வினைச்சொல்தான் தவறு. ஆவணமே இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தன் ஊகத்தை மொழிபெயர்ப்பில் எழுதிவிடக் கூடாது. சர்வதேசக் காப்புரிமை ஒத்துழைப்பு ஒப்பந்தத்தின் வழியாகப் போகும் விண்ணப்பத்தில் மூலமொழியில் தாக்கலானதுதான் அடிப்படை. மொழிபெயர்ப்புப் பிழையால் காப்புரிமையின் எல்லை மூலத்தைவிட அகன்றுவிட்டால், அந்த எல்லையைப் பின்னோக்கிக் குறைக்கவோ, அகன்ற பகுதி செல்லாது என்று அறிவிக்கவோ ஒப்பந்தத்தின் 46-ஆவது பிரிவு நாடுகளுக்கு இடம் தருகிறது. நல்லெண்ணத்தோடு மௌனமாகச் செய்த திருத்தமும் தாளில் பார்த்தால் மூலத்திலிருந்து விலகிய மொழிபெயர்ப்புதான்.

பிழையை அப்படியே விட்டுவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பெயர்போன ஒரு வழக்கு உண்டு. செஃப் அமெரிக்கா என்ற நிறுவனம் லாம்ப்-வெஸ்டன் மீது தொடுத்தது. 2004-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாவுப் பண்டம் சுடும் முறைக்கான காப்புரிமை அது. அடுப்பின் வெப்பம் 400 முதல் 850 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்க வேண்டும் என்பதே எழுத நினைத்தது. எழுதப்பட்டதோ மாவையே அந்த வெப்பநிலைக்குச் சூடாக்க வேண்டும் என்று. அதாவது 204 முதல் 454 டிகிரி செல்சியஸ். மாவு அந்தச் சூட்டை எட்டினால் கருகிப்போகும். எவருக்கும் பயன்படாத பொருள் என்று தெரிந்தும், எழுதியிருப்பதைத் திருத்தி எழுதுவது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்று நீதிபதிகள் மறுத்துவிட்டார்கள். எதிராளி மாவைக் கருக்கவில்லை. ஆகவே காப்புரிமையை மீறவும் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டியது குறிப்பு எழுதுவது. மொழிபெயர்ப்புச் சேவைகளுக்கான ஐஎஸ்ஓ 17100 தரநிலையும், ஐயம் எழுந்தால் திட்ட மேலாளரிடம் கேள்வியாக எழுப்ப வேண்டும் என்கிறது. அந்தக் குறிப்பு மொழிபெயர்ப்பு நிறுவனத்திலிருந்து காப்புரிமை அலுவலகத்துக்குப் போகும். அங்கிருக்கும் முகவர் வழியாகக் கருவியைக் கண்டுபிடித்த பொறியாளரிடம் போகும். இடையில் உள்ளவர்களில் சிலர் ஆவணத்தைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். அதனால் குறிப்பைத் தனியாகப் படித்தாலே விஷயம் விளங்க வேண்டும். நம் வால்வுக்கு எழுதினால் இப்படி இருக்கும்:

“பத்தி 0035, முதல் இரண்டு வாக்கியங்கள். வால்வு 21 மூடப்பட்ட பின் அதே வால்வு வழியாகத் தண்ணீர் பாய்வதாக உள்ளது; இவை ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றுகின்றன. (அ) ‘மூடுகிறது’ என்பது ‘திறக்கிறது’ என்று இருக்கலாம்; படம் 4-இன் மூன்றாம் படி இதற்கு ஆதரவு. (ஆ) இரண்டாம் வாக்கியத்தின் ‘முதல் வால்வு 21’ என்பது ‘இரண்டாம் வால்வு 22’ என்று இருக்கலாம். பத்தி 0041 இதற்கு ஆதரவு. எது சரி என்று தெரிவிக்க வேண்டுகிறேன். பதில் கிடைக்கும்வரை மூலத்தில் உள்ளபடியே மொழிபெயர்ப்பேன்.”

இதில் “தவறு” என்ற சொல் இல்லை. பணிவுக்காக மட்டும் அதைத் தவிர்க்கவில்லை. வெளியாளுக்கு முரணாகத் தெரிவதற்குப் பொறியாளரிடம் விளக்கம் இருக்கலாம். மூடிய நிலையிலும் சிறிது நீரைக் கசியவிடும் வால்வாகக்கூட அது இருக்கலாம். கடைசி வாக்கியம் இன்னும் முக்கியமானது. பதிலே வராமல் தாக்கல் நாள் வந்துவிட்டாலும், கையில் இருக்கும் மொழிபெயர்ப்பில் அந்த இடம் எந்த நிலையில் இருக்கிறது என்பது முகவருக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டு வாய்ப்புகளையும் அவற்றின் ஆதாரங்களோடு எழுதுவதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. தாக்கலான சர்வதேச விண்ணப்பத்தின் வெளிப்படையான பிழையைத் திருத்த ஒப்பந்தத்தின் 91-ஆவது விதி வழிவிடுகிறது. ஆனால் எழுதியிருப்பது எண்ணியது அல்ல என்பது தெளிவாக இருக்க வேண்டும். திருத்தம் அது ஒன்றாக மட்டுமே இருக்க முடியும் என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விவரக்குறிப்பில் உள்ள பிழை என்றால், அதைத் தீர்மானிக்க விவரக்குறிப்பு, உரிமைக் கோரிக்கைகள், படங்கள் ஆகியவற்றையே பார்ப்பார்கள். “நான் நினைத்தது 22” என்று பொறியாளர் சத்தியம் செய்தாலும் அது கணக்கில் வராது. நம் வால்வுக்கு இரண்டு வாய்ப்புகள் இருப்பதால் இந்த வழி எளிதில் கைகொடுக்காது. குறிப்பைப் படித்ததுமே முகவர் அதைப் புரிந்துகொண்டு வேறு வழியை யோசிக்கத் தொடங்கலாம். “21 என்பது 22 ஆக இருக்கும் போலிருக்கிறது” என்று மட்டும் எழுதியிருந்தால், படம் 4 எதிராக நிற்பது அவர் கண்ணில் படாமலே போகும்.

நேரமும் நெருக்குகிறது. அந்த விதியின்படி திருத்தம் கேட்க, முதல் விண்ணப்ப நாளிலிருந்து 26 மாதம்தான் அவகாசம். வெளிநாடுகளுக்குள் நுழைய அமெரிக்காவில் 30 மாதம், இந்தியாவிலும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்திலும் 31 மாதம் தரப்படுகிறது. செலவைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் 28, 29-ஆம் மாதத்தில்தான் மொழிபெயர்ப்பாளரைத் தேடி வருகின்றன. அப்போது சர்வதேச அளவில் ஒரே விண்ணப்பத்தால் திருத்தும் வாய்ப்பு முடிந்திருக்கும். ஒவ்வொரு நாட்டிலும் அந்தந்த நாட்டு விதிப்படி தனித்தனியாகத் திருத்தம் கேட்க வேண்டும். தாக்கல் செய்தபோது இல்லாத புதிய விஷயத்தைச் சேர்க்கவில்லை என்று ஒவ்வொரு அலுவலகத்துக்கும் காட்ட வேண்டும். ஜெர்மானிய மொழியிலும் சீனத்திலும் அதே ஆவணத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு பத்தி 0035 பற்றி முகவர் உடனே தகவல் அனுப்புவதும் அந்த ஒரு குறிப்பை வைத்துத்தான்.