மல்லிக்குன்னு ஒரு கடிகாரம் இருக்கு

இந்த எபிசோடை பென்னாகரத்துல, எங்க அத்தை வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பேசறேன். பின்னாடி கேக்கற பேச்சுச் சத்தம், அத்தையும் பக்கத்து வீட்டு அக்காங்களும் பூ கட்டறது.

பூஜைப் பூவை மாசச் சந்தாவுல வீட்டுக்கே அனுப்பறது இப்போ பெரிய நகரங்கள்ல சாதாரணம். பெங்களூர்ல யசோதா, ரியா கருதூரின்னு ரெண்டு சகோதரிகள் 2019-ல 'ஹூவு'ன்னு ஒரு நிறுவனம் ஆரம்பிச்சாங்க. கன்னடத்துல ஹூவுன்னா பூ. அதைப் பார்த்துட்டு நானும் இங்க 40 வீட்டுக்கு ஆரம்பிச்சேன். வெள்ளிக்கிழமை, அமாவாசை, பண்டிகை நாள்னா பூ, வெத்தலை பாக்கு, வாழைப்பழம், கற்பூரம் எல்லாம் ஒரே பையில வந்துடும். வாட்ஸ்அப்ல நான் போட்ட வரி: "இன்னைக்கே பறிச்ச ஃப்ரெஷ் மல்லி, காலை 6 மணிக்கு உங்க வாசலில்."

முதல் சரஸ்வதி பூஜை அன்னைக்கே 11 வீட்டுல இருந்து போன். "என்னப்பா, பூ பழுப்பா இருக்கு, வாசனையே இல்லை." தப்பு முழுக்க என்னோடது. நான் எழுதின வரி நடக்கவே முடியாத வரி.

ஏன்னு சொல்றேன். குண்டுமல்லியை விடியற்காலையில மொட்டாத்தான் பறிப்பாங்க. அந்த மொட்டு அன்னைக்கு சாயங்காலம் இருட்டற நேரத்துல விரியும், அப்போதான் மணக்கும். அதனால காலை 6 மணி பூஜைக்கு மல்லி வேணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, நேத்து விடியல்ல பறிச்சது. அது ராத்திரியே விரிஞ்சு, காலையில வாட ஆரம்பிச்சிருக்கும். இன்னொண்ணு, இன்னைக்குப் பறிச்ச மொட்டு. அது வாசனை இல்லாம மூடியே இருக்கும். சரம் கட்டவும் நேரம் இருக்காது.

கட்டற கணக்கைப் பாருங்க. வீட்டுக்கு 2 முழம்னா 40 வீட்டுக்கு 80 முழம். எங்க அத்தை கை வேகத்துக்கு ஒரு மணி நேரத்துல சுமார் 11 முழம் வரும். ஒரே ஆள் கட்டினா 7 மணி நேரத்துக்கு மேல ஆகும். மூணு பேர் உட்கார்ந்தாலும் ரெண்டரை மணி நேரம். அன்னைக்கு நான் அனுப்பினது முந்தின நாள் பூ. வாடாம இருக்கட்டும்னு தண்ணி தெளிச்சு பிளாஸ்டிக் கவர்ல வேற கட்டி வச்சிருந்தேன். ஈரமும் புழுக்கமும் சேர்ந்தா மல்லி சீக்கிரம் பழுத்துடும்.

இன்னொரு தப்பை அத்தைதான் காட்டினாங்க. "ஏன்டா, பழத்தையும் ரோஜாவையும் ஒண்ணா வச்சிருக்கே?" பழுக்கற வாழைப்பழத்துல இருந்து எத்திலீன்னு ஒரு வாயு வரும். மூடின பைக்குள்ள அது ரோஜா இதழைச் சீக்கிரம் உதிர வைக்கும். சாமந்திக்கு அவ்வளவா பாதிப்பு வராது.

இப்போ நேரத்தை வச்சுப் பூவைப் பிரிச்சுட்டோம். காலை பூஜைக்கு சாமந்தி, அரளி, துளசி. சாமந்தி விரிஞ்ச பிறகு பறிக்கற பூ, ஒரு ராத்திரி தாண்டினாலும் தாங்கும். அதனால முந்தின நாள் சாயங்காலமே மாலை கட்டிடலாம். மல்லி சாயங்கால விளக்கு பூஜைக்கு மட்டும்தான். விடியல்ல பறிச்சு, 11 மணிக்குள்ள கட்டி, வாழை இலையில மடிச்சு நிழல்ல வச்சு, 4-ல இருந்து 5 மணிக்குள்ள கொடுத்துடுவோம். நீங்க விளக்கு ஏத்தற நேரத்துல சரம் சாமி படத்து மேலேயே விரியும். பழம் தனிப் பையில வரும்.

வாட்ஸ்அப் வரியும் மாறிடுச்சு: "மல்லி: இன்று விடியலில் பறித்த மொட்டு. மாலை 4–5 மணிக்கு வரும், இரவு விரியும். சாமந்தி மாலை: நேற்று மாலை கட்டியது." 'நேற்று'ன்னு போட்டா வாங்க மாட்டாங்கன்னு பயந்தேன். அந்த வரிக்காக யாரும் சந்தாவை நிறுத்தலை.

ஒரு சிக்கல் இன்னும் தீரலை. மார்கழிக் குளிர்ல மல்லி விளைச்சல் குறையும், பொங்கல் நேரத்துல விலை எகிறும். சந்தா தொகையோ மாசா மாசம் ஒண்ணுதான். விலை ஏறும்போது கட்டற கூலியைக் குறைச்சா அத்தை மாதிரி ஆளுங்கதான் நஷ்டப்படணும். அதனால முன்கூட்டியே எழுதிட்டோம்: "மல்லி விலை ஏறும் நாட்களில் 2 முழத்துக்குப் பதில் 1 முழம், மீதிக்குச் சாமந்தி." கட்டற கூலி மட்டும் மாறாது.

நீங்க எங்கேயாவது பூ சந்தா போடறீங்கன்னா, 'ஃப்ரெஷ்ஷா?'ன்னு கேக்காதீங்க. 'எப்போ பறிச்சது, எப்போ கட்டினது?'ன்னு கேளுங்க. காலையில வர்ற மல்லிச் சரம் முழுசா விரிஞ்சிருந்தா, அது நேத்துப் பூ. சாயங்காலம் மொட்டா வந்தா குறை சொல்லாதீங்க, ரெண்டு மணி நேரம் பொறுங்க. சரி மக்களே, அத்தை கூப்பிடறாங்க, டெலிவரிக்கு நேரமாச்சு. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.