பணம் போகவில்லையா, போனது தெரியவில்லையா?

வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 1,10,000 ரூபாய். காலை பதினோரு மணிக்கு வீட்டுக்காரருக்கு ஜிபேயில் 60,000 ரூபாய் அனுப்பிவிட்டார். மதியம் மீதி 50,000 ரூபாயை அனுப்பினால், ‘இன்றைய வரம்பைத் தாண்டிவிட்டது’ என்று திரையில் வருகிறது. போன்பேயில் முயன்று பார்க்கிறார், அங்கும் அதேதான். மாலை ஏழு மணிக்குப் பாத்திரக் கடையில் 3,200 ரூபாய்க்கு ஒரு குக்கர் வாங்குகிறார். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டதும், ‘வங்கி சர்வர் பதிலளிக்கவில்லை’ என்று வருகிறது. கடையில் கூட்டம். உடனே மறுபடியும் போடுகிறார், போய்விடுகிறது. இரவில் எஸ்எம்எஸ்களைப் பார்த்தால், 3,200 ரூபாய் இரண்டு முறை கழிந்திருக்கிறது.

இரண்டு செய்திகளையும் அவர் ஒரே மாதிரி எடுத்துக்கொண்டார்: பணம் போகவில்லை, மறுபடி முயலலாம் என்று. முதல் செய்தியில் அப்படி நினைத்ததால் நஷ்டம் இல்லை. இரண்டாவதில்தான் சிக்கிக்கொண்டார்.

நாம் பின் நம்பர் போட்டதும் அந்தக் கோரிக்கை செயலியிலிருந்து, யுபிஐ அமைப்பை நடத்தும் என்.பி.சி.ஐ. நிறுவனத்துக்குப் போகிறது. அது நம் வங்கியிடம் ‘இந்தக் கணக்கில் இவ்வளவு எடுத்துக்கொடு’ என்று கேட்கிறது. வங்கி பின் நம்பரையும் இருப்பையும் வரம்பையும் சரிபார்த்துப் பணத்தை எடுத்துவிட்டு, ‘எடுத்தாயிற்று’ என்று பதில் சொல்கிறது. அதன் பிறகே பெறுபவரின் வங்கிக்கு ‘வரவு வை’ என்ற கட்டளை போகும். அங்கிருந்தும் பதில் வந்தால்தான் நம் திரையில் பச்சை நிறம் தெரியும். இத்தனையும் சில விநாடிகளில் முடிய வேண்டும்.

வரம்புச் செய்தி வருவது, பணத்தை எடுப்பதற்கு முன்பே. வங்கி கணக்கைப் பார்த்து, யோசித்து, ‘முடியாது’ என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. அதனால் ஒரு ரூபாய்கூட நகர்ந்திருக்காது. தனிநபருக்குத் தனிநபர் அனுப்புவதில் பொதுவான உச்ச வரம்பு ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய். வங்கிகள் அதற்குள் தங்களுக்கென்று குறைவான வரம்பையும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை வைத்திருப்பது வங்கி. எந்தச் செயலியில் அனுப்பினாலும் அதே கணக்கில்தான் கூடும் என்பதால், ஜிபேயை விட்டுப் போன்பேக்கு மாறியதில் பயனில்லை. நம் வாடகைக்காரர் 50,000 ரூபாய்க்குப் பதிலாக 40,000 போட்டிருந்தால் அன்றே போயிருக்கும். மீதி 10,000 ரூபாயை இன்னொரு வங்கியில் உள்ள தன் கணக்கிலிருந்து அனுப்பலாம்; நெட் பேங்கிங்கில் ஐஎம்பிஎஸ், நெஃப்ட் வழியாகவும் அனுப்பலாம். அவற்றுக்கு வரம்பு தனி.

தொகை குறைவாக இருந்தும் வரம்புச் செய்தி வருவதுண்டு. தொகைக்கு மட்டுமல்ல, எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கிறது: பொதுவாக ஒரு நாளைக்கு இருபது முறை. புதிய போனில் யுபிஐ-யைப் பதிவுசெய்த முதல் 24 மணி நேரத்தில் பெரும்பாலும் 5,000 ரூபாய்தான் அனுப்ப முடியும். போனைத் திருடியவர் கணக்கைக் காலி செய்துவிடாமல் இருக்க வைத்த தடை இது. நள்ளிரவு தாண்டியதும் வரம்பு புதிதாகிவிடும் என்று பலரும் காத்திருக்கிறார்கள். சில வங்கிகள் நாட்காட்டி நாளைப் பார்ப்பதில்லை, முந்தைய 24 மணி நேரத்தைக் கணக்கிடுகின்றன. அப்படிப்பட்ட வங்கியாக இருந்தால், காலை பதினோரு மணிக்கு அனுப்பியவருக்கு மறுநாள் பதினோரு மணிக்குப் பிறகே வழி திறக்கும். மருத்துவமனை, கல்விக் கட்டணம், வரி போன்றவற்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் வரம்பு உண்டு என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அவசர சிகிச்சை நேரத்தில் அது உதவும்.

‘சர்வர் பதிலளிக்கவில்லை’ என்பதில் மறுப்பே கிடையாது. குறித்த நேரத்துக்குள் பதில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். கோரிக்கை வங்கிக்குப் போகாமலே நின்றிருக்கலாம். போய், பணத்தை எடுத்துவிட்டு, ‘எடுத்தாயிற்று’ என்ற பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். நம் வங்கி சரியாக இருந்து, கடைக்காரரின் வங்கி மௌனமாக இருக்கலாம். இந்த மூன்றில் எது நடந்தது என்று அந்த நேரத்தில் செயலிக்கே தெரியாது. இவ்வளவு வித்தியாசமான நிலைமைகளுக்கு ஒரே வாக்கியத்தைக் காட்டுவது செயலிகள் செய்யும் பெரிய தவறு என்பது என் கருத்து. ‘பணம் எடுக்கப்பட்டிருக்கலாம், பொறுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்தால் எத்தனையோ பேருக்கு இரட்டைச் செலவு மிஞ்சும்.

பதில் தெரியாதபோது மீண்டும் மீண்டும் கேட்பது மனிதர்கள் மட்டும் செய்வதில்லை. 2025 ஏப்ரல் 12 அன்று நாடு முழுவதும் யுபிஐ முடங்கியது. ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று?’ என்று சில வங்கிகள் அளவில்லாமல் விசாரித்ததும் அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. பிறகு, நிலுவையில் உள்ள ஒரு பரிவர்த்தனையின் நிலையை மூன்று முறைதான் கேட்கலாம், ஒவ்வொன்றுக்கும் இடையே 90 விநாடி இடைவெளி வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. வாடிக்கையாளரும் கடைப்பிடிக்க வேண்டிய பொறுமையின் அளவு கிட்டத்தட்ட அதுதான்.

ஆகவே பாத்திரக் கடையில் அவர் செய்திருக்க வேண்டியது, இரண்டு மூன்று நிமிடம் நின்று, செயலியின் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பார்ப்பது. ‘தோல்வி’ என்று இருந்து, கணக்கு இருப்பும் குறையாமல் இருந்தால் மறுபடி அனுப்பலாம். ‘நிலுவை’ என்றிருந்தாலோ, இருப்பு குறைந்திருந்தாலோ அதே தொகையை யுபிஐ-யில் போடக் கூடாது. பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். கடைக்காரர் அதைத் தன் செயலியில் தேடிப் பார்க்கலாம். அவசரமென்றால் ரொக்கம் கொடுத்துவிட்டு, முதல் பணமும் பிறகு வந்தால் திருப்பித் தருவதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. ஒரு வங்கியின் சர்வர்தான் கோளாறு என்றால், வேறு செயலியில் அதே வங்கிக் கணக்கைப் பயன்படுத்துவது உதவாது. ஆயிரம் ரூபாய்க்குள் என்றால் யுபிஐ லைட் கைகொடுக்கும். முன்கூட்டியே அதில் போட்டுவைத்த பணம் என்பதால், ஒவ்வொரு முறையும் வங்கியின் மைய சர்வரைத் தொட வேண்டியதில்லை.

இரண்டு முறை கழிந்த அந்த 3,200 ரூபாய் என்ன ஆகும்? முதல் தொகை கடைக்காரர் கணக்குக்கே போய்ச் சேர்ந்திருந்தால், வங்கியின் பார்வையில் அது வெற்றிகரமான பரிவர்த்தனை. திருப்பித் தர வேண்டியவர் கடைக்காரர்தான். கடைக்கு வந்ததாக உறுதி கிடைக்காவிட்டால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பி வரவு ஆகாத பணம் என்றால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். அந்தக் கெடு தாண்டினால், ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் 100 ரூபாய் இழப்பீடு வாடிக்கையாளருக்குச் சேர வேண்டும். அதை நாம் கேட்காமலே தர வேண்டும் என்பது விதி. தராவிட்டால், அந்த 12 இலக்க எண்ணோடு முதலில் செயலியிலும் வங்கியிலும் புகார் செய்யுங்கள். முப்பது நாளில் தீராவிட்டால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.